விளங்கும், கதைக்க வராது

கனடாவின் ஸ்கார்பரோவில் வளர்ந்த ஈழத்தமிழ் இளைஞர்களுக்குப் பேச்சுத் தமிழ் கற்பிக்கிறேன். வருபவர்களில் பலரும் முதலில் சொல்வது, “விளங்கும், கதைக்க வராது” என்பதுதான், அதுவும் ஆங்கிலத்தில். இவர்களைக் கொண்டுபோய் அரிச்சுவடி வகுப்பில் உட்கார வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிறந்தது முதல் காதில் விழுந்த தமிழ் இவர்களிடம் இருக்கிறது. அது எந்த வடிவில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டில் பிள்ளையை நோக்கிச் சொல்லப்படும் தமிழைக் கவனியுங்கள். வா, இரு, சாப்பிடு, கதவைச் சாத்து, படித்தாயா? பெரும்பாலும் ஏவலும் கேள்வியும்தான். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது, அதுவே போதுமானதாகிவிடுகிறது. ‘வா’ என்பது அதற்கு நன்றாகத் தெரியும். ‘வந்தேன்’ என்பதையும் ஆயிரம் முறை கேட்டிருக்கிறது, ஆனால் தன் வாயால் சொல்ல வேண்டிய தேவை ஒருநாளும் வரவில்லை. யார், எப்போது என்பதையெல்லாம் தமிழில் வினையின் முடிவு சுமக்கிறது. இறந்தகாலமோ ஒரே வாய்பாட்டில் அடங்காது: போ, போனேன், எடு, எடுத்தேன், நில், நின்றேன். கேட்கும்போது சூழலும் பேசுபவரின் முகமும் துணைக்கு வரும். பேசும்போது அந்த முடிவைத் தானே தேடி எடுக்க வேண்டும். நா தடுமாறுவது அங்கேதான்.

‘விளங்கும்’ என்பதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். “அண்ணாவைத் தம்பி அடித்தான்” என்று சொல்லி, அடி வாங்கியது யார் என்று கேட்பேன். தம்பி என்று பதில் வந்தால், அவர் சொற்களின் வரிசையை வைத்து ஊகிக்கிறார், ‘ஐ’ உருபு காதில் ஏறவில்லை என்று பொருள். அவருக்குப் பேச்சைவிடக் கூர்ந்து கேட்கும் பயிற்சி முதலில் தேவை.

மருந்தகத்தில் வேலை செய்யும் இருபத்தாறு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோடு தொலைபேசியில் ‘ஓம்’, ‘இல்லை’ என்பதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. அந்தச் சோதனையில் சரியான பதில் சொன்னார். எனவே நேராக வினைகளுக்குப் போனோம். வீட்டில் தினமும் கேட்ட பத்து ஏவல்களை அவரே எழுதினார், ஆங்கில எழுத்தில்தான். நான் “சாப்பிடு” என்றால் அவர் “சாப்பிட்டேன்” என்று திருப்ப வேண்டும். அடுத்த சுற்றில் அதையே நாளை நடக்கப்போவதாக மாற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் பழகுவது அவர் வீட்டுப் பேச்சுதான். ‘வருகிறேன்’ அல்ல, ‘வாறன்’. காதில் ஏற்கெனவே இருக்கும் வடிவம்தான் விரைவில் நாவுக்கு வரும். தவறாகச் சொன்னபோது பல தடவை தானே முகம் சுளித்து நிறுத்தினார். எது பிழை என்று காதுக்குத் தெரிந்திருந்ததால் அவரை நான் அதிகம் திருத்த வேண்டியிருக்கவில்லை.

பிறகு அன்றைய நாளில் நடந்ததை நான்கு நிமிடம் சொல்லச் சொன்னேன். அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், மற்றொருவரிடம் இரண்டு நிமிடத்தில். மொழி ஆசிரியர்கள் அறிந்த பழைய முறை இது. விஷயம் மாறாததால் மனம் சொற்களை எடுப்பதில் மட்டும் நிற்கிறது. தெரியாத பெயர்ச்சொல்லுக்கு ஆங்கிலச் சொல்லைப் போட அனுமதித்தேன். வினையைத் தமிழில் முடிக்க வேண்டும் என்பது மட்டுமே விதி.

முன்னேற்றத்தை அளக்க நான் பிழைகளை எண்ணுவதில்லை, இடைவெளிகளைக் கவனிக்கிறேன். தொடக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் நின்றவர், பிறகு வாக்கியம் முடியும் இடத்தில் மட்டும் நின்றார். கைபேசியில் பதிவு செய்து கேட்டால் இது யாருக்கும் தெரியும். இந்தப் பயிற்சியால் செய்தித்தாள் படிக்க வராது, மேடைத் தமிழும் வராது. அவை வேறு பாடங்கள்.

வீட்டுக்காரர்களால்தான் இது பெரும்பாலும் கெடுகிறது. தன்னை நோக்கிச் சொல்லப்பட்ட ஏவல்களோடு வளர்ந்தவர் அம்மம்மாவிடமும் “வா” என்றுதான் சொல்வார். அது மரியாதைக் குறைவு அல்ல, அவரிடம் இருக்கும் ஒரே வடிவம் அதுதான். மாமாக்கள் சிரிக்கிறார்கள், அம்மா சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறுகிறார், பிள்ளை அதன்பின் வாய் திறப்பதில்லை. சிரிக்காமல், இடைமறிக்காமல், “ஓம், அம்மம்மா, வாங்கோ” என்று சரியான வடிவத்தைப் பதிலாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். இத்தனை ஆண்டுகளாக ஆங்கிலத்திலேயே பேசிப் பழகிய அம்மாவோடு தமிழில் தொடங்குவது இருவருக்கும் கடினம். ஆங்கிலம் அறியாத ஒருவரோடு வாரத்தில் இரண்டு முறை, பத்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பெண்ணுக்கு அம்மம்மாவே அப்படி அமைந்தார். அழைப்பதற்கு முன் அன்று சொல்லப்போகும் மூன்று வினைகளைப் பேத்தி தாளில் எழுதி வைத்துக்கொள்வார்.