கூட்டி எழுதிய செலவு அடுத்த வருடம் எங்கே போகிறது?

கோவைப் பக்கம் அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒருவர் புதிதாக எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தார். 2024-25ஆம் நிதியாண்டின் லாப நட்டக் கணக்கை மேசையில் வைத்தார். நிகர லாபம் ரூ.14,20,000. அதில் ஒரு பகுதிக்கு வரியே கிடையாது, பாதிச் செலவை நாங்கள் செலவாகவே ஏற்க மாட்டோம் என்று சொல்ல ஆரம்பித்ததும், "பணத்தைக் கையில எடுத்துக் கொடுத்துட்டேனுங்களே சார், அப்புறம் ஏன் செலவு இல்லைங்கறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். கணக்குப் புத்தகம் எது செலவானது என்று பார்க்கிறது. 2024-25க்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமோ யாருக்கு, எப்படி, எப்போது கொடுத்தீர்கள் என்றும் சேர்த்துப் பார்க்கிறது.

எளிதானவற்றை முதலில் முடித்துவிட்டோம். அவருடைய ஆயுள் காப்பீட்டு பிரீமியம் ரூ.48,000 தொழில் செலவில் எழுதப்பட்டிருந்தது. அட்வான்ஸ் டாக்ஸ் ஒரு லட்சமும் செலவாகப் போயிருந்தது. முதலாவது சொந்தச் செலவு. இரண்டாவது லாபத்தின் மீது கட்டும் வரி, லாபம் ஈட்டச் செய்த செலவு அல்ல. இரண்டையும் லாபத்தோடு திரும்பக் கூட்டினோம். புத்தகத்தில் எழுதிய தேய்மானம் ரூ.3,00,000ஐயும் கூட்டினோம். அதற்குப் பதிலாக வரிச் சட்ட விகிதப்படி வரும் ரூ.3,75,000ஐப் பிறகு கழிப்போம்.

அடுத்து, பசையும் தையல் கம்பியும் வாங்கிய கடைக்கு ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்த ரூ.38,000. நான்கு வவுச்சர், ஒவ்வொன்றும் ரூ.9,500. பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 40ஏ(3) பிரிவு வவுச்சரை எண்ணுவதில்லை. ஒரே நபருக்கு ஒரே நாளில் கொடுத்த மொத்த ரொக்கத்தைத்தான் பார்க்கிறது. அது ரூ.10,000ஐத் தாண்டினால் (லாரி வாடகைக்கு மட்டும் வரம்பு ரூ.35,000), தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் போய்விடும். இந்த 38,000 எந்த வருடமும் திரும்பி வராது.

பி.எஃப். விஷயத்திலும் அப்படியே. தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த ரூ.22,000ஐ ஒரு மாதம் 15ஆம் தேதிக்குப் பதில் 19ஆம் தேதி கட்டியிருந்தார். நான்கே நாள்தான் தாமதம். ஆனால் அது தொழிலாளியின் பணம். உரிய தேதிக்குள் கட்டினால்தான் கழிவு உண்டு என்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்த்துச் சொல்லிவிட்டது. அந்தச் சட்டப்படி முதலாளி தன் பங்காகக் கட்டுவதற்கு மட்டும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாள்வரை அவகாசம் உண்டு. இரண்டும் ஒரே சலானில் போவதால் பலரும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

இனி வருவதுதான் நான் விரிவாகச் சொல்ல நினைத்தது. கிராஃப்ட் பேப்பர் தந்த ஆலைக்கு ரூ.2,10,000 பாக்கி. 2025 ஜனவரியில் வந்த பில்லுக்கு மே 20 அன்றுதான் பணம் போயிருக்கிறது. அந்த ஆலை, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனம். குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கூடாது. கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால், 43பி(எச்) பிரிவின்படி அது இந்த வருடச் செலவு ஆகாது. ரிட்டர்ன் போடுவதற்குள் கொடுத்துவிட்டேன் என்ற சமாதானம் இங்கே எடுபடாது. கெடு தாண்டினாலும் மார்ச் 31க்குள் கொடுத்திருந்தால் தப்பித்திருப்பார். வெறும் வாங்கி விற்கும் வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்கு இந்த விதி பொருந்தாது. அதனால் சப்ளையரின் உத்யம் சான்றிதழை வாங்கி, அவர் உற்பத்தியாளரா வியாபாரியா என்று பார்த்தபிறகே கூட்டுகிறோம்.

ஆனால் இந்த 2,10,000 ஒரேயடியாகப் போய்விடவில்லை. பணம் கொடுத்த வருடத்தில், அதாவது 2025-26 கணக்கில், கழித்துக்கொள்ளலாம். சொன்னதும் எனக்குச் சட்டென்று தோன்றிய கேள்வி: போன வருடம் இதுபோல ஏதாவது கூட்டியிருக்கிறார்களா? அவரிடம் பழைய பேலன்ஸ் ஷீட் மட்டும்தான் இருந்தது. பேலன்ஸ் ஷீட்டில் இது தெரியாது. போன வருடத்தில் வரிக்குரிய வருமானத்தைக் கணக்கிட்ட கம்ப்யூடேஷன் தாளையும் வரித் தணிக்கையின் 3சிடி அறிக்கையையும் வரவழைத்தோம். 43பி(எச்) நடைமுறைக்கு வந்த முதல் வருடமான 2023-24இல் ரூ.1,60,000 கூட்டப்பட்டிருந்தது. அந்தப் பணத்தை 2024 ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டார். ஆக, கழிவு இந்த வருடத்துக்கு உரியது. ஆனால் இந்த வருடச் செலவுக் கணக்கில் அதற்கு எந்தத் தடயமும் கிடையாது, ஏனென்றால் புத்தகத்தில் அது போன வருடமே செலவாகிவிட்டது. தேடிப்போய் எடுத்தால்தான் கிடைக்கும்.

வருமானப் பக்கத்தில் மூன்று வரவு இருந்தது. தம்பியோடு பங்குதாரராக இருக்கும் நிறுவனத்திலிருந்து ரூ.3,60,000. முழுவதையும் வரியில்லா வருமானம் என்று கழிக்கச் சொன்னார். லெட்ஜரைப் பிரித்துப் பார்த்தால் லாபப் பங்கு 2,40,000, மீதி 1,20,000 முதலுக்கான வட்டி. நிறுவனம் வரி கட்டிய பிறகு வருவதால் லாபப் பங்குக்கு மட்டும்தான் விலக்கு. வட்டி அவருடைய தொழில் வருமானத்திலேயே இருக்கும். இரண்டாவது, தென்னந்தோப்பு வரவு ரூ.1,80,000. விவசாய வருமானம் என்பதால் கழிக்கலாம். ஆனால் தோப்புக் கூலி, உரம் என்று ரூ.60,000 அட்டைப்பெட்டித் தொழிலின் செலவோடு கலந்திருந்தது. வரியில்லாத வருமானத்துக்குச் செய்த செலவு வரியுள்ள லாபத்தைக் குறைக்கக் கூடாது என்கிறது 14ஏ பிரிவு. அதனால் அதைக் கூட்டினோம். மூன்றாவது, டெபாசிட் வட்டி ரூ.50,000. இதையும் இங்கே கழிக்கிறோம், ஆனால் விலக்கு என்பதால் அல்ல. இதர வருமானம் என்ற தலைப்பில் வரி கட்ட வேண்டும். கம்பெனி டிவிடெண்டும் இதே வகைதான். 2020 ஏப்ரல் முதல் அது பங்கு வைத்திருப்பவர் கையில் வரிக்குரியது. இன்னமும் அதை விலக்கு என்று கழித்துக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் போடலாம். ரூ.14,20,000இல் கூட்டியவை மொத்தம் 7,78,000. ஆக 21,98,000. லாபப் பங்கு, தோப்பு வரவு, டெபாசிட் வட்டி மூன்றையும் கழித்தால் 17,28,000. சட்டப்படியான தேய்மானம் போக 13,53,000. போன வருடத்து 1,60,000ஐயும் கழித்தால் தொழில் வருமானம் 11,93,000. டெபாசிட் வட்டியைச் சேர்த்து மொத்த வருமானம் ரூ.12,43,000. தோப்பின் நிகர வருமானம் 1,20,000க்கு நேரடி வரி இல்லை, வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் சேரும்.

அந்த 1,60,000ஐ விட்டிருந்தால், புதிய வரிமுறையில் செஸ் நீங்கலாகவே ரூ.34,300 கூடுதலாகக் கட்டியிருப்பார். அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டு வரியைக் குறைக்க முடியாது. திருத்திய ரிட்டர்னுக்கு இருந்த கெடு 2025 டிசம்பர் 31. மாறாக, கூட்ட வேண்டியதை விட்டுவிட்டால் அது தானாகவே மாட்டிக்கொள்ளும். 3சிடியில் காட்டிய தொகை ரிட்டர்னில் கூட்டப்படாவிட்டால், வருமான வரித் துறையின் பெங்களூரு மையம் 143(1) பிரிவில் தானே கூட்டிவிடும். நாம் கழிக்க மறந்ததை நமக்காக யாரும் கழிப்பதில்லை.

அதனால் எங்கள் தாளின் அடியில் ஒரு வரி எழுதி அவர் கையிலும் ஒரு பிரதி கொடுத்தோம்: "ரூ.2,10,000, கிராஃப்ட் பேப்பர், 20.5.2025 அன்று கொடுத்தது, 2025-26இல் கழிக்க வேண்டும்."