கருமுட்டைப் புறமுதிர்வு: ஐ.வி.எம். என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

குழந்தைப்பேறு சிகிச்சை மையம் தரும் தாளில் "ஐ.வி.எம்." என்று மூன்று எழுத்துகள் இருக்கும். விரித்தால் "இன் விட்ரோ மெச்சுரேஷன்", அதாவது முதிராத கருமுட்டையை எடுத்து உடலுக்கு வெளியே முதிரவிடுவது. "விட்ரம்" என்றால் இலத்தீனில் கண்ணாடி. உயிருக்குள் நடப்பதைக் கண்ணாடிக்குள் நடத்திப் பார்ப்பது என்ற பொருளில் ஆய்வாளர்கள் "இன் விட்ரோ" என்றார்கள். இன்று அந்த வேலை நடப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் தட்டுகளில்தான். ஆனாலும் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாமும் "சோதனைக்குழாய்க் குழந்தை" என்று எழுதிப் பழகிவிட்டோம். அங்கே குழாயும் இல்லை. சிகிச்சைக்கு வருகிறவர்கள் படுகிற பாட்டைத் தவிர வேறு சோதனையும் இல்லை.

"மெச்சுரேஷன்" பிறந்தது "மத்தூருஸ்" என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, பொருள், கனிந்தது. இந்த இடத்தில் தமிழ் இலத்தீனைவிடச் செழிப்பானது. பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று படிகளுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம். முற்றுதல் வேறு, பழுத்தல் வேறு, வெம்புதல் வேறு என்று அறிவோம். இந்த வேறுபாடுகள் இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

முதலில் கருமுட்டைக்கு முதிர்வு என்றால் என்ன? பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் பிரிதலைத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. பல்லாண்டுகள் அப்படியே காத்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவே பெரிய வட்டமான உட்கரு தெளிவாகத் தெரியும்; இது முதிராத முட்டை. மாதச் சுழற்சியின் நடுவில் எல்.எச். என்ற ஹார்மோன் திடீரென ஏறும்போது அந்த வட்டம் கரைந்து, பாதி குரோமோசோம்கள் ஒரு சிறு குமிழாகப் பக்கவாட்டில் வெளியேறும். அதுதான் துருவச் செல். அது தெரிந்தால்தான் ஆய்வகத்தில் "முதிர்ந்தது" என்று எழுதுவார்கள். விந்தணு சேர்க்கத் தகுதியானதும் அதுதான்.

1935-இல் கிரகரி பின்கஸ், முயலின் முட்டைகளை அவை இருந்த நீர்க்குமிழிலிருந்து, அதாவது ஃபாலிக்கிளிலிருந்து, வெளியே எடுத்தபோது அவை தாமாகவே முதிரத் தொடங்கியதைக் கண்டார். முட்டையை உறங்கவைத்துக்கொண்டிருந்தது ஃபாலிக்கிள்தான், பிரித்துவிட்டால் விழித்துக்கொள்கிறது. மனித முட்டையும் உடலுக்கு வெளியே முதிரும் என்பதை 1965-இல் ராபர்ட் எட்வர்ட்ஸ் காட்டினார். ஊசித் தூண்டல் இல்லாமல் எடுத்து இப்படி முதிர்ந்த முட்டையிலிருந்து முதல் பிறப்பு, தென் கொரியாவில் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில் பதிவானது; அது தானமாகப் பெற்ற முட்டை.

எனவே இதைச் "செயற்கை முதிர்ச்சி" என்பது சரியில்லை. முதிர்வது முட்டையின் சொந்த வேலை, இடம்தான் மாறுகிறது. சில விளம்பரங்களில் வரும் "ஆய்வகத்தில் கருமுட்டை வளர்த்தல்" என்பதும் தவறு. முட்டை தன் அளவை ஏறக்குறைய சினைப்பையிலேயே எட்டிவிடுகிறது. "கருமுட்டைப் புறமுதிர்வு" என்று நான் எழுதுகிறேன். நீளமாகச் சொல்ல விரும்புகிறவர்கள் "கருமுட்டையை உடலுக்கு வெளியே முதிரச்செய்தல்" எனலாம்.

வழக்கமான தூண்டல் முறையில், முட்டையைச் சினைப்பையிலேயே முதிரவைத்து எடுப்பார்கள். ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாள் ஃபாலிக்கிள்களை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஊசி, அடிக்கடி ஸ்கேன், ஃபாலிக்கிள்கள் 17, 18 மி.மீ. ஆனதும் முட்டையை முதிரவைக்க ஒரு தூண்டு ஊசி. அதற்கு 34 முதல் 36 மணி நேரம் கழித்து முட்டை எடுப்பு. புறமுதிர்வில் எஃப்.எஸ்.எச். ஊசி இரண்டு மூன்று நாள் மட்டுமே, சில மையங்களில் அதுவும் இல்லை. தூண்டு ஊசி பொதுவாகக் கிடையாது. ஃபாலிக்கிள்கள் சில மி.மீ. அளவில் இருக்கும்போதே, மெல்லிய ஊசியால், குறைந்த உறிஞ்சு அழுத்தத்தில் முட்டையை எடுத்துவிடுவார்கள். எடுக்கிறவருக்குக் கடினமான வேலை இது. குமிழ் சிறியது, முட்டை அதன் சுவரோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். வந்த நீரை நுண்ணிய வலையில் வடிகட்டித் தேட வேண்டும்.

இனி வாழைத்தாருக்கு வருவோம். முற்றிய தாரை வெட்டிப் புகைமூட்டம் போட்டால் இனிப்பாகப் பழுக்கும். முற்றாத தாரை வெட்டினால் தோல் மஞ்சளாகும், உள்ளே சவசவ என்றிருக்கும், வெம்பிவிட்டது என்போம். முட்டையிலும் இதுதான் சிக்கல். வெளியே எடுத்தவுடன் உட்கரு அவசரமாக முதிர்ந்துவிடுகிறது, சுற்றியிருக்கும் செல்திரவம் பின்தங்கிவிடுகிறது. துருவச் செல் தெரியும், பார்க்க நல்ல முட்டை. ஆனால் கரு மூன்றாம் நாளில் தேங்கிவிடலாம். இதனால்தான் சில மையங்கள் முட்டையை முதல் 24 மணி நேரம் சி-வகை நேட்ரியூரெட்டிக் பெப்டைடு கலந்த ஊடகத்தில் வைத்து உறக்கத்தை நீட்டிக்கின்றன. ஃபாலிக்கிளுக்குள் முட்டையை அடக்கிவைப்பதும் அதே பொருள்தான். அதன் பிறகு சுமார் 30 மணி நேரம் முதிரவிடுவார்கள். பின்னர் விந்தணுவை ஊசியால் செலுத்துவார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்க்கலாம். வயது 28, சினைப்பையில் சிறு ஃபாலிக்கிள்கள் மிகுதியாகத் தேங்கும் பி.சி.ஓ.எஸ். குறைபாடு, ஸ்கேனில் இரு சினைப்பைகளிலும் சேர்த்து 40 சிறு ஃபாலிக்கிள்கள். 16 முட்டைகள் கிடைத்தால் பத்து முதிரலாம், ஏழு கருவாகலாம், மூன்று உறைய வைக்கத் தகுந்தவையாகலாம். ஒவ்வொரு படியிலும் உதிர்வு உண்டு; அதனால்தான் தொடக்கத்தில் நிறைய இருக்க வேண்டும். கருப்பை உள்வரி அப்போது தயாராக இராது என்பதால், கருவை உறையவைத்து அடுத்த சுழற்சியில் வைப்பார்கள்.

இப்பெண்ணுக்கு வழக்கமான தூண்டலில் பயம் வேறு. சினைப்பைகள் அளவுமீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் படுக்க நேரலாம். புறமுதிர்வில் அந்த ஆபத்து ஏறக்குறைய இல்லை. ஆனால் விலை உண்டு. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் உள்ள மை டக் மருத்துவமனையில், சிறு ஃபாலிக்கிள்கள் 24 அல்லது அதற்கு மேல் உள்ள 546 பெண்களிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. முதல் கருவைப்புக்குப் பின் குழந்தை பிறந்தது புறமுதிர்வில் 35.2 சதவீதம், வழக்கமான முறையில் 43.2. போதாததற்கு, மாற்றுத் தூண்டு ஊசியும் எல்லாக் கருவையும் உறையவைக்கும் வழக்கமும் வீக்க ஆபத்தைப் பெருமளவு குறைத்துவிட்டன. ஆகவே பி.சி.ஓ.எஸ். உள்ள எல்லோருக்கும் இது வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு மாற்று அரிதாக உள்ளவர்கள் வேறு சிலர். நாளை மறுநாள் கீமோதெரபி தொடங்க வேண்டிய பெண்ணுக்குப் பத்து நாள் ஊசிக்கு நேரமில்லை; ஈஸ்ட்ரோஜனால் வளரும் புற்று என்றால் ஹார்மோன் ஏறுவதும் கவலை. சுழற்சியின் எந்த நாளிலும் முட்டை எடுக்கலாம். எஃப்.எஸ்.எச். ஊசிக்குச் சினைப்பை அசையாத அரிய குறையுள்ளவர்களுக்கும் இதுவே வழி. மாறாக, முட்டை இருப்புக் குறைந்தவர்களுக்கு இது பொருந்தாது. உதிர்வுக்குக் கொடுக்க அவர்களிடம் எண்ணிக்கை இல்லை.

கடைசியாக ஒரு குழப்பம். வழக்கமான தூண்டலில் எடுத்த முட்டைகளில் இரண்டு மூன்று முதிராமல் இருந்தால், அவற்றை ஓர் இரவு தட்டில் வைத்துப் பார்ப்பதையும் சிலர் ஐ.வி.எம். என்கிறார்கள். அது "மீட்பு முதிர்வு". தூண்டு ஊசி போட்டும் முதிராத முட்டைகள் அவை. தார் முழுவதும் பழுத்த பிறகும் பச்சையாக நின்ற காய்கள். அவற்றிலிருந்து குழந்தை பிறப்பது குறைவு. தாளில் "ஐ.வி.எம். செய்யப்பட்டது" என்று இருந்தால், தூண்டு ஊசி போட்டார்களா, இல்லையா என்று கேளுங்கள், எது நடந்தது என்பது அந்தப் பதிலிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.