டெங்கு போய்விட்டது, அசதி போகவில்லை

“பிளேட்லெட் எல்லாம் ஏறிடுச்சு டாக்டர், ஆனா தலை வேலை செய்யல.” மழைக்காலம் முடிந்து சில வாரங்களில் இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் கணிசம். வாயில் வந்த வார்த்தை நழுவுகிறது, படித்த வரியையே மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு தூங்கினாலும் அசதி தெளிவதில்லை.

இது டெங்குவுக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்திரேலியாவின் டப்போ பகுதியில் இரண்டு வகை வைரஸ், ஒரு வகை பாக்டீரியா தொற்று வந்த 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் ஆய்வு முடிவு வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதம் பேருக்கு முடக்கிப்போடும் அசதி இருந்தது. முதலில் நோய் எவ்வளவு கடுமையாக இருந்ததோ, அதைப் பொறுத்தே இது அமைந்தது. அவர்களுடைய மனநிலையைப் பொறுத்து அல்ல. ‘எல்லாம் மனசுதான்’ என்று வீட்டில் சொல்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நான் பார்த்த ஒரு பள்ளி ஆசிரியையின் கதை இதன் போக்கை நன்றாகக் காட்டும் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). காய்ச்சல் விட்டு ஐந்து வாரம். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 எதிலும் குறையில்லை. இவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இவற்றில் குறை இருந்தாலும் இதே அசதி வரும்.

அவருடைய குழப்பம் வேறு: “ஞாயிற்றுக்கிழமை வீட்டையே கழுவிவிட்டேன், நல்லாத்தான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை எழுந்திருக்கவே முடியல.” செய்த வேலைக்கான விலை பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் தள்ளித்தான் வரும். அதனால் காரணம் ஞாயிறு என்று யாருக்கும் தோன்றாது. சரி, ஒரு நோட்டில் தினமும் செய்த வேலையையும் அசதியின் அளவையும் குறிக்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு திட்டம் எளிது. இருபது நிமிட வேலை, பத்து நிமிடம் படுக்கை. உட்கார்ந்தபடி பாடம். விடைத்தாள் திருத்துவது காலையில் மட்டும். நன்றாக இருக்கும் நாளிலும் அளவைத் தாண்டக்கூடாது. இதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு வாரம் சரிவு இல்லையென்றால்தான் கொஞ்சம் கூட்டலாம். சரிவு வந்தால் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். நடையைத் தினமும் கூட்டிக்கொண்டே போனால் சரியாகிவிடும் என்ற பழைய அறிவுரை இப்படிச் சரிபவர்களுக்குப் பொருந்தாது. குளுக்கோஸ் டிரிப்பும் டானிக்கும் எந்த வேகமும் கூட்டுவதில்லை, பர்ஸைத்தான் இளைக்க வைக்கும்.

மூன்றாம் மாதம் அவர் முழு வகுப்புகள் எடுத்தார். எல்லோருக்கும் இவ்வளவு சீக்கிரம் நடக்காது. பெரும்பாலானோர் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் தேறுகிறார்கள், சிலருக்கு அது நீண்டுகொண்டே போகும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே காட்டுங்கள். மறுபடி காய்ச்சல், எடை குறைவு, இரண்டு வாரம் தாண்டிய இருமல் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், அது வேறு நோயாக இருக்கலாம்.