“Y” என்று பதில் போடச் சொல்வது ஏன்?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், வீட்டுக்கு ஒரு தம்பியோ மருமகளோ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்: “தம்பி, இது மெய்யா பொய்யா பாரு.” கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். படமாக அனுப்புவது நல்ல பழக்கம். செய்தியையே ஃபார்வர்ட் செய்தால் இணைப்பும் உயிரோடு போகும்; குடும்பக் குழுவில் யாராவது கை தவறித் தொட்டுவிடலாம். படத்தில் உள்ள இணைப்பு அப்படித் தட்டியதும் திறந்துவிடாது.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஜேபிஜேயில் 150 ரிங்கிட் சம்மன் பாக்கி, இன்று இரவுக்குள் கட்டாவிட்டால் லைசென்ஸ் முடக்கப்படும் என்கிறது செய்தி. கீழே இணைப்பு. அதற்கும் கீழே, “Y என்று பதில் அனுப்பிவிட்டு, செய்தியை மூடித் திறந்து இணைப்பைத் தட்டவும்.”

முதலில் அந்தக் கடைசி வரியைத்தான் பார்க்க வேண்டும். ஐபோனில் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஐமெசேஜ் வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தட்டினாலும் திறக்காதபடி ஆப்பிள் அடைத்து வைத்திருக்கிறது. நீங்கள் ஒரு எழுத்தைப் பதிலாகப் போட்டால், அனுப்பியவரை உங்களுக்குத் தெரியும் என்று போன் எடுத்துக்கொண்டு அடைப்பை நீக்கிவிடும். அதாவது, பூட்டை உங்கள் கையாலேயே திறக்க வைக்கிறார்கள். உண்மையான எந்த இலாகாவுக்கும் இது தேவையில்லை. இந்த வரி இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதே இல்லை, மோசடிதான்.

ஐமெசேஜைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. இணைப்பு உள்ள எஸ்எம்எஸ்களை மலேசியத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தடுக்க வேண்டும் என்பது எம்சிஎம்சியின் உத்தரவு. ஐமெசேஜ் இணையம் வழியாகப் போவதால் அந்த வடிகட்டியில் சிக்காது. காரில் போலி அலைபரப்பிக் கருவியை வைத்துக்கொண்டு சுற்றுவது இன்னொரு வழி. அது அக்கம்பக்கத்துப் போன்களைப் பழைய 2ஜிக்கு இறக்கி, நேராகச் செய்தியைத் தள்ளும். 2ஜியில் கோபுரம் அசலா என்று போன் சோதிப்பதில்லை. அனுப்புநர் பெயரையும் அவர்கள் விருப்பப்படி போடலாம். அதனால் உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பழைய, உண்மையான செய்திகளுக்குக் கீழேயே போலியும் வந்து உட்காரும். ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் பெயரை நம்பி முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். பல ஆண்ட்ராய்டு போன்களில் சிம் அமைப்புகளுக்குள் 2ஜியை அணைத்துவைக்கலாம்.

அடுத்தது இணைப்பு. உதாரணம் இது (யாரும் திறந்துவிடாதபடி முடிவை மட்டும் மாற்றியிருக்கிறோம்):

```
https://jpj.gov.my-saman.example/bayar
```

`https://` முடிந்தபின் வரும் முதல் சாய்கோட்டில் நிறுத்துங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக வாசியுங்கள். `example`, பிறகு `my-saman`. இணையத்தளத்தின் சொந்தக்காரர் இந்த இரண்டில்தான் இருக்கிறார். முன்னால் உள்ள `jpj.gov` வெறும் ஒட்டுப் பெயர். யாரும் எதையும் ஒட்டலாம். உண்மையான அரசாங்கத் தளம் சாய்கோட்டுக்குச் சற்று முன் `.gov.my` என்று முடியும், அதற்கும் சாய்கோட்டுக்கும் நடுவில் எதுவும் வராது. ஆனால் சிறிய `l`, பெரிய `I` இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே இணைப்பை விட்டுவிட்டு, மைஜேபிஜே செயலியைத் தனியாகத் திறந்து சம்மன் இருக்கிறதா என்று பாருங்கள். போலீஸ் சம்மனுக்கு மைபாயார் பிடிஆர்எம்.

சில செய்திகள் ஒன்றரை ரிங்கிட் பார்சல் கட்டணம்தான் கேட்கும். அவ்வளவுதானே என்று கார்டு எண்ணைத் தட்டுவார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தக் காசல்ல. நீங்கள் தட்டும் எண்களை உடனுக்குடன் பார்த்து, உங்கள் கார்டைத் தங்கள் போனின் வாலட்டில் சேர்ப்பார்கள். அப்போது உங்களுக்கு ஓடிபி வரும். அதில் கட்டணம் என்று இருக்காது, கார்டை வாலட்டில் சேர்ப்பதற்கு என்றுதான் எழுதியிருக்கும். எண்ணை மட்டும் பார்த்துத் தட்டிவிடுவதில்தான் பணம் போகிறது. ஒருமுறை சேர்த்துவிட்டால், கடையில் தட்டிப் பணம் கட்ட உங்களிடம் இன்னொரு ஓடிபி கேட்கத் தேவையில்லை.

பரிசு விழுந்தது என்று சொல்லி, தனிநபர் கணக்குக்கு முன்பணம் கேட்டால், அந்தக் கணக்கு எண்ணை `semakmule.rmp.gov.my` தளத்தில் தேடலாம். புகார் பதிவாகியிருந்தால் காட்டும். ஒன்றும் இல்லை என்றால் கணக்கு சுத்தம் என்று பொருளல்ல. புதிய கணக்காக இருக்கலாம்.

ஏற்கெனவே கார்டு விவரம் கொடுத்தாகிவிட்டதா? முதலில் வங்கிச் செயலியில் கார்டை முடக்குங்கள். பிறகு கார்டின் பின்புறமுள்ள எண்ணுக்கு அழைத்து, “இந்தக் கார்டு வேறு எந்த வாலட்டிலாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் நீக்குங்கள், புது எண்ணில் கார்டு கொடுங்கள்” என்று கேளுங்கள். கார்டின் ரகசிய பின் நம்பரை மட்டும் மாற்றினால் வாலட்டில் ஏறிய கார்டு போகாது. பணம் போயிருந்தால் உடனே தேசிய மோசடிப் பதில் நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் தடுக்க முயல்வது அந்த மையம்தான். அதன்பின் போலீஸ் புகார். செய்தியை அழித்துவிடாமல், நேரமும் அனுப்புநரும் முழு இணைப்பும் தெரியும்படி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் புகாரோடு கொடுங்கள்.