சாலை மனுவில் பொறியாளர் தேடுவது என்ன?

நகராட்சிப் பொறியியல் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில் சாலை மனு வராத வாரமே கிடையாது. பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: "சாலை குண்டும் குழியுமாக உள்ளது. முதியோரும் பள்ளிப் பிள்ளைகளும் அவதிப்படுகிறார்கள். தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்." இதற்கு அலுவலகத்தில் ஒரு பதிலும் தயாராக இருக்கும்: "நிதி ஆதாரம் பெற்றவுடன் பரிசீலிக்கப்படும்." அத்தோடு மனு முடிந்துவிடும். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அதை வைத்து வேலைக்கான செலவு மதிப்பீடு போட முடியாது. மதிப்பீடு இல்லாமல் டெண்டரும் வராது.

ஓய்வுக்குப் பிறகு, எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் இப்படி ஒரு மனுவோடு வந்தார்கள். அதைத் திருத்தி எழுதிய விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் சாலை யாருடையது என்று பார்த்தோம். தெரு நகராட்சியுடையது. ஆனால் மிக மோசமான பள்ளம் தெரு முனையில், பேருந்து போகும் சாலையின் ஓரத்தில் இருந்தது. அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. இரண்டையும் ஒரே மனுவில் போட்டால், "முனை எங்கள் எல்லை அல்ல" என்ற ஒரு வரியிலேயே கோப்பு தூங்கிவிடும். எனவே முனைக்கு மட்டும் அந்தத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளருக்குத் தனி மனு எழுதினோம்.

அடுத்து அளவு. டேப் பிடித்துப் பார்த்தால் தெரு 280 மீட்டர் நீளம், சராசரி 4 மீட்டர் அகலம். பள்ளம் எங்கே என்பதை மின்கம்பத்தின் எண்ணையும் எதிர்வீட்டுக் கதவெண்ணையும் கொண்டு குறித்தோம். பள்ளத்தின் மேல் குறுக்கே நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் ஸ்கேல் வைத்தால் ஆழம் தெரிந்துவிடும். ஆழத்தை விட முக்கியம், அடியில் என்ன தெரிகிறது என்பது. தார் மட்டும் பெயர்ந்து, ஜல்லி இறுக்கமாக இருந்தால் ஒட்டு போட்டாலே நிற்கும். ஜல்லி கலைந்து மண் தெரிந்தால் அடித்தளமே போய்விட்டது. மேலே தார் ஊற்றுவது ஒரு மழைக்குத் தாங்காது. இந்தத் தெருவில் நடுப்பகுதி முழுக்க இரண்டாவது வகை. காரணமும் கண்ணெதிரே இருந்தது: குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மண்ணால் மூடியதோடு விட்டிருந்தார்கள். மழைநீர் அங்கேதான் இறங்கியது. மழை நின்ற மறுநாள் தண்ணீர் தேங்கியிருக்கும்போது எடுத்த படங்களைத் தேதியோடு இணைத்தோம்.

கோரிக்கையை இரண்டாகப் பிரித்தோம். வடகிழக்குப் பருவமழையில் தார் வேலை நடக்காது. அக்டோபரில் போய் "உடனே தார்ச் சாலை வேண்டும்" என்றால் அலுவலகம் மறுப்பதற்கு நாமே காரணம் கொடுத்ததாகிவிடும். ஆகவே இப்படி எழுதினோம்:

"1. கம்பம் 7 முதல் 12 வரை உள்ள பள்ளங்களை மழைக்காலம் முடியும் வரை ஜல்லிக் கலவையிட்டு உருட்டிச் சமன்செய்ய வேண்டுகிறோம். 2. குழாய் தோண்டிய பகுதியில் அடித்தளத்தைப் புதுப்பித்து, பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்தபின் 280 மீட்டருக்கும் சாலை அமைக்க மதிப்பீடு தயாரிக்க வேண்டுகிறோம்."

சுரண்டுவதைக் கேட்காமல் விட்டால் பழைய சாலை மேலேயே புதியதைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் மழைத் தண்ணீர் வீட்டு வாசலுக்குள் வரும்.

கையெழுத்து விஷயத்தில் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே கையில் எழுதிய இருபது பெயர்களை எந்த எழுத்தரும் கண்டுபிடிப்பார். பெயர், கதவெண், கைபேசி எண், கையொப்பம் என்று கட்டம் போட்டு வாங்கினோம். வீட்டுக்கு ஒருவர் போதும். ஒவ்வொரு தாளின் மேலேயும் மனுவின் பொருளை எழுதி, பக்க எண் போட்டோம். இல்லையென்றால் "எதற்கென்று தெரியாமல் போட்டேன்" என்று யாராவது சொன்னால் பதில் இல்லை. பள்ளி வேன் ஓட்டுநர், தெருவுக்குள் வரும் தண்ணீர் லாரிக்காரர் ஆகியோரின் கையெழுத்தைத் தனித் தாளில் சேர்த்தோம். பதில் அனுப்ப ஒருவருடைய முகவரி மட்டும்.

மனுவை ஆணையர் பெயருக்கு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம். வார்டு உறுப்பினருக்கும் ஒரு நகல். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் அது இதே ஆணையருக்குத்தான் இறங்கி வரும்; நேரடி மனுவுக்குப் பதில் வராதபோது அங்கே போனால் சரி.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 2005-இன்படி விண்ணப்பிக்கலாம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். எங்கள் மனுவுக்கு அலுவலகம் போட்ட கோப்பு எண்ணான ந.க. எண் என்ன, சாலை கடைசியாகப் போடப்பட்ட தேதி எது, ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்புக் காலம் எதுவரை, குழாய்க்குத் தோண்டியவர்கள் சாலைச் சீரமைப்புக்கென்று கட்டிய தொகை எவ்வளவு? பொறுப்புக் காலம் முடியவில்லை என்றால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டியிருக்கும். தொகை கட்டப்பட்டிருந்தால், குறைந்தபட்சம் அந்தத் தோண்டிய பகுதிக்காவது "நிதி இல்லை" என்ற பதில் செல்லாது.