மூன்று அறை, மூன்று பேர், 15,000 ரூபாய் வாடகை

கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரு வீடு பிடிக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் எழுத என் அலுவலகத்துக்கு வரும்போது தோளில் கை போட்டுக்கொண்டு வருவார்கள். ஆறு மாதம் கழித்து அதே கூட்டம் ஆளுக்கொரு நாற்காலியில் தள்ளித் தள்ளி உட்காரும். வீட்டுக்காரருடன் சண்டையாக இருக்கும் என்று நினைப்பேன். பாதி நேரம் தங்களுக்குள்தான்.

சென்ற ஆண்டு வந்த மூவரை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் பொள்ளாச்சி, ஒருவர் உடுமலை, ஒருவர் திண்டுக்கல். வாடகை 15,000 ரூபாய். ஆளுக்கு 5,000 என்று தொடங்கினார்கள். பொள்ளாச்சிக்காரருக்குக் குளியலறையோடு சேர்ந்த பெரிய அறை. உடுமலைக்காரருக்கு ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் வைத்தால் நடக்க இடமில்லாத அறை. “அண்ணனும் நானும் ஒரே பணம் கட்டுவது எப்படிச் சரியாகும் சார்?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் கொண்டுவந்த கணக்கு சரியில்லை.

அவர் மூன்று அறைகளையும் அளந்திருந்தார். பெரியது குளியலறையோடு 200 சதுர அடி, நடு அறை 120, சிறியது 80. மொத்தம் 400. வாடகையை 400 ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 37 ரூபாய் 50 காசு. ஆகவே பொள்ளாச்சிக்காரர் 7,500, திண்டுக்கல்காரர் 4,500, தான் 3,000 என்று எழுதிவைத்திருந்தார். பொள்ளாச்சிக்காரர் முகம் சிவந்துவிட்டது.

இந்தப் பிழையை நான் அடிக்கடி பார்க்கிறேன். மூவரும் 15,000 கொடுப்பது மூன்று படுக்கையறைக்கு மட்டுமல்ல. ஹால், சமையலறை, அதன் பின்னால் இந்த ஊர் வீடுகளில் தவறாமல் இருக்கும் ‘வொர்க் ஏரியா’, முன்பக்கத்துச் சிட்-அவுட், பொதுக் குளியலறை எல்லாம் அந்தப் பணத்துக்குள் அடங்கும். சின்ன அறையில் இருப்பவர் ஹாலில் கால் பங்கு நாற்காலியிலா உட்காருகிறார்? அடுப்பும் அவருக்கு அதே அடுப்புதான். எனவே பொது இடத்தின் வாடகை தலைக்குச் சமம். தனி இடத்தின் வாடகை மட்டும் அளவுக்கு ஏற்ப. இந்த இரண்டையும் பிரிக்காமல் போடும் விகிதக் கணக்கு சமபங்கைப் போலவே அநியாயமாகப் போய்விடும், என்ன, எதிர்த் திசையில்.

அவர்கள் வீட்டின் உள்ளளவு 1,000 சதுர அடி. அதில் தனி இடம் 400, பொது இடம் 600. வாடகை சதுர அடிக்கு 15 ரூபாய். பொது இடத்துக்கு 600 பெருக்கல் 15, அதாவது 9,000. மூவருக்கும் ஆளுக்கு 3,000. தனி இடத்துக்குப் பெரிய அறை 3,000, நடு அறை 1,800, சிறிய அறை 1,200. இரண்டையும் கூட்டினால் பொள்ளாச்சிக்காரர் 6,000, திண்டுக்கல்காரர் 4,800, உடுமலைக்காரர் 4,200. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 15,000 வரும். வராவிட்டால் எங்கோ அளவோ கணக்கோ தவறியிருக்கிறது.

அளப்பதில்தான் வில்லங்கம். சுவரின் உள்முகத்திலிருந்து எதிர்ச்சுவரின் உள்முகம் வரை டேப் பிடிக்க வேண்டும். வீட்டுக்காரரோ தரகரோ சொல்லும் அளவில் சுவர்க் கனமும் மாடிப்படியும் சேர்ந்திருக்கும். அது இந்தக் கணக்குக்கு உதவாது. ஓர் அறை வழியாக மட்டுமே போகக்கூடிய பால்கனி அந்த அறையைச் சேர்ந்தது. ஹாலிலிருந்து போகிற பால்கனி பொது. வளைகுடாவில் இருக்கும் வீட்டுக்காரர் தம் சாமான்களை ஓர் அறையில் போட்டுப் பூட்டிவைத்திருந்தால் அந்த அறையைக் கணக்கில் எங்குமே சேர்க்காதீர்கள். இன்னொன்று, நானே ஒரு முறை மாட்டிக்கொண்டது: 9 அடி 10 அங்குலத்தை 9.10 என்று எழுதிக் கால்குலேட்டரில் தட்டிவிட்டேன். ஓர் அடிக்கு 12 அங்குலம். 9 அடி 10 அங்குலம் என்பது 9.83. எட்டடி அகல அறையில் இந்த ஒரு புள்ளி ஏறக்குறைய 6 சதுர அடியை விழுங்கிவிடும்.

நான்காவது ஆள் வந்தால் என்ன செய்வது? பொள்ளாச்சிக்காரரின் தம்பி வந்து பெரிய அறையில் அவரோடு தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறையின் 3,000 மாறாது. அண்ணனும் தம்பியும் 1,500 வீதம் பகிர்ந்துகொள்வார்கள். பொது இடத்தின் 9,000 மட்டும் இனி நான்கு தலைக்கு, ஆளுக்கு 2,250. அண்ணனுக்கு 3,750, தம்பிக்கு 3,750, நடு அறைக்கு 4,050, சிறிய அறைக்கு 3,450. “எங்கள் அறைக்குள்தானே ஒருவர் கூடுகிறார், மற்றவர்களுக்கு ஏன் குறைய வேண்டும்?” என்று அண்ணன்மார் கேட்பதுண்டு. காலை ஆறரை மணிக்குப் பொதுக் குளியலறை வாசலில் நின்று பார்த்தால் தெரியும்.

சதுர அடிக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. மூவருக்கான மேற்படி கணக்கைச் சொன்னதும் திண்டுக்கல்காரர் மெதுவாக, “என் அறைக்கு மேற்குச் சுவர் சார். ஏப்ரலில் சாயங்காலம் ஆனால் சூளை” என்றார். பாலக்காட்டு வெயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதற்குச் சூத்திரம் கிடையாது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். “அவரவர் தொகையோடு அறையை மாற்றிக்கொள்ளச் சொன்னால் யார் எங்கே போவீர்கள்?” மற்ற இருவரும் 4,800 கொடுத்து நடு அறைக்குப் போக மாட்டோம் என்றார்கள். திண்டுக்கல்காரரோ 4,200 கொடுத்துச் சிறிய அறைக்குப் போகத் தயாராக இருந்தார். அப்படியென்றால் நடு அறையின் விலை கூடுதல். 300 குறைத்து மற்ற இருவருக்கும் 150 வீதம் ஏற்றினோம். 6,150, 4,500, 4,350. மீண்டும் கேட்டேன், திண்டுக்கல்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த விலைக்குத் தன் அறையே போதும் என்றார். மற்ற இருவரும் அசையவில்லை. யாரும் மாற விரும்பாத இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

மின்கட்டணத்தை இதில் கலக்காதீர்கள். கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் வரும். பயன்பாடு ஓர் அளவைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் கூடிய விலை விழும். ஓர் அறையில் மட்டும் ஏசி இருந்தால் அதற்குத் தனியாக ஒரு சப்-மீட்டர் மாட்டுவதுதான் ஒழுங்கு.

கடைசியாக, என் வேலை. வீட்டுக்காரருடனான ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்திட்டால், பெரும்பாலும் மொத்த 15,000க்கும் மூவரும் சேர்ந்தே பொறுப்பு என்றுதான் அதில் எழுதியிருக்கும். ஒருவர் கட்டவில்லை என்றால் வீட்டுக்காரர் மற்ற இருவரிடம் கேட்பார்; உங்கள் உள்பங்கு அவரைக் கட்டுப்படுத்தாது. அதனால் பங்கைத் தனித்தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். அறை அளவு, தொகை, வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸில் யார் எவ்வளவு, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, இவ்வளவு போதும். பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்குக் கேட்பவர் தாம் உண்மையில் கொடுத்த தொகைக்கு மட்டுமே கேட்க முடியும் என்பதால், ரசீதையும் அவரவர் பெயரில் அவரவர் தொகைக்கு வாங்குங்கள். பொள்ளாச்சிக்காரர் தாம் வேலை பார்க்கும் இடத்தில் 15,000க்கு ஒரே ரசீது கொடுத்திருந்தார். அதைத் திரும்ப வாங்கி, கட்டிய மாதங்களுக்கு 5,000க்கும் இனி 6,150க்கும் ரசீது கொடுக்கச் சொல்லித்தான் அன்று அனுப்பினேன்.