டாப்பரையும் கையோடு கொண்டு வாருங்கள்

தலையைக் காட்டுங்கள் என்றால் கதவைப் பார்க்கிறார்கள். கூட வந்தவர் வெளியே போய்விட்டாரா, திரை இழுத்தாயிற்றா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கை உச்சந்தலைக்குப் போகிறது. தோல் டாக்டரிடமே இத்தனை தயக்கம். அறுபதைத் தாண்டிய பெண்கள் இப்படி ஒருவர் பின் ஒருவராகப் புண்ணோடு வருவதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன். பொய்முடி வைப்பதில் ஒரு தப்பும் இல்லை. அதை யாருக்கும் தெரியக்கூடாது என்று ராத்திரியும் கழற்றாமல் இருப்பதில்தான் வினை.

கடைசியாக வந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வயது 66. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், எழுதச் சொன்னதே அவர்தான். மாதவிடாய் நின்ற பிறகு பல பெண்களுக்கு வருகிற முடி மெலிவுதான் அவருக்கும். முன்நெற்றி வரிசை அப்படியே இருக்க, வகிடு மட்டும் வருடா வருடம் அகலமாகும். ஆறு வருடமாக உச்சியில் டாப்பர் வைக்கிறார். முழு டோப்பா அல்ல. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வலைத்துணியில் முடி கோத்து, நாலு கிளிப்பால் சொந்த முடியைக் கவ்வி நிற்பது. மகளுக்கு மட்டும் தெரியும். பி.எட். விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து கூடவே இருக்கும் தோழி, தமிழ் டீச்சர், அவருக்குக்கூடத் தெரியாது.

இருவரும் ஒரு குழுவோடு காசிக்குப் போயிருக்கிறார்கள். லாட்ஜில் இருவருக்கும் ஒரே அறை. கணக்கு டீச்சர் அத்தனை ராத்திரியும் டாப்பரோடே படுத்தார். ஊர் திரும்பும் முன் தலையணை உறையில் சீழ்க்கறையைப் பார்த்த தோழி, ஏதோ கட்டி என்று நினைத்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"நீ கொஞ்சம் வெளியே இரு" என்றார் கணக்கு டீச்சர்.

"எதுக்கு? எனக்குத் தெரியாம உனக்கு என்ன இருக்கு?" தோழி நகரவில்லை.

நான் வாயே திறக்கவில்லை. இந்த இடத்தில் டாக்டர் முந்திக்கொள்ளக் கூடாது.

"இது என் முடி இல்லடி" என்றார், கூட்டல் தப்பு சொல்வது போன்ற குரலில். நாலு கிளிப்பையும் ஒவ்வொன்றாக விடுவித்து மடியில் வைத்தார். மூன்றாவதைக் கழற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டார்.

தோழி கொஞ்ச நேரம் அந்தப் புண்களையே பார்த்தார். பிறகு வந்தது பாருங்கள் கோபம். "அப்போ என் பேத்தி காதுகுத்துக்கு வந்துட்டு ராத்திரியே பஸ் ஏறினது இதுக்குத்தானா? என் மருமக ஏதோ சொல்லிட்டான்னு நினைச்சு ரெண்டு மாசம் அவகிட்ட முகங்கொடுத்துப் பேசலடி நான்!"

"உன் வீட்ல எல்லாரும் ஒரே கூடத்துல படுப்பீங்க. நான் எங்க போய்க் கழட்டி வைக்கிறது?"

சரி, தலைக்கு வருகிறேன். கிளிப் உட்காரும் நாலு இடத்திலும் ஒரு ரூபாய் நாணய அளவில் சொட்டை. பின்னால் இருந்த இரண்டில் சீழ்க்கொப்புளம். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், அங்கே முடி முளைக்கும் துவாரங்கள் தெரிந்தன, பூனைமுடியும் இருந்தது. இழுப்பு நின்றால் முளைக்க வாய்ப்புண்டு. முன்பக்க இரண்டிலும் தோல் வழவழவென்று பளபளத்தது. துவாரமே இல்லை, தழும்பாகிவிட்டது. அங்கே எந்த மருந்து தடவினாலும் முடி வராது. ஒரே இடத்தை வருடக்கணக்கில் இழுத்தால் இதுதான் நடக்கும். முதல் வருடத்திலேயே யாராவது ஒருவர் அவர் உச்சந்தலையைப் பார்த்திருந்தால் நாலுமே தப்பியிருக்கும்.

இப்போது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம். "விக் வைத்தால் முடிக்கு மூச்சு முட்டும், மிச்சமும் கொட்டிவிடும்" என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். முடி மூச்சு விடுவதில்லை! வெளியே தெரிகிற முடி உயிரில்லாத பொருள், நகம் மாதிரி. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிருள்ள வேர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதற்கு வேண்டிய பிராணவாயுவும் சத்தும் ரத்தத்தில் வருகின்றன, மேலிருந்து காற்றில் அல்ல. வருடக்கணக்கில் தலைப்பாகை கட்டுகிறவர்களுக்கு மூடியதால் முடி போவதில்லை. இறுக்கி இழுத்துக் கட்டினால் போகும். வில்லன் இழுப்புதான், மூடல் அல்ல. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? நம் டீச்சர் "மூச்சு முட்டும்" என்ற பயத்துக்குப் பரிகாரமாகத் தினமும் உச்சியில் எண்ணெய் வைத்து, அதன் மேலேயே டாப்பரை மாட்டியிருக்கிறார். எண்ணெய், வியர்வை, இறுக்கம் மூன்றும் சேர்ந்தால் சீழ் பிடிக்காமல் என்ன செய்யும்? எது பாதகமோ அதை விட்டுவிட்டு, இல்லாத பாதகத்துக்கு வைத்தியம்.

(மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் இந்த வகையறாதான். அதற்கு இன்னொரு நாள்.)

புண்ணுக்கு மாத்திரை கொடுத்தேன். ஆறும்வரை டாப்பர் கிடையாது, பருத்தித் துணி கட்டிக்கொள்ளலாம் என்றேன். தைராய்டும் இரும்புச் சேமிப்பும் பார்த்தோம். இரும்பு குறைவு, அதற்கும் மாத்திரை. புண் ஆறிய பிறகு வகிட்டில் தடவ மினாக்சிடில் என்கிற முடி வளர்ச்சி மருந்து. தொடங்கிய முதல் சில வாரங்களில் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டும்; பயந்து நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பலன் தெரிய நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். பழைய கூந்தல் திரும்பும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

உச்சந்தலையைத் தன் கண்ணால் யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. கண்ணாடியில் முன்பக்கம்தான் தெரியும். மருந்து சரியான இடத்தில் விழுகிறதா, கிளிப் பட்ட இடம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். இவருக்கு மகள் பெங்களூரில், தோழி அடுத்த தெருவில். இப்போது தமிழ் டீச்சர்தான் மாதம் ஒரு முறை அதே ஜன்னலோரத்தில் உட்காரவைத்து, அதே இடத்தில் வகிடெடுத்து, செல்போனில் படம் பிடிக்கிறார். ஊருக்கே சொல்லச் சொல்லவில்லை அம்மா. ஒரே ஒருத்தருக்குச் சொல்லுங்கள்.

மற்றபடி, படுக்கும்போது டாப்பர் கூடாது. கூடாது என்றால் கூடாதுதான். "24 மணி நேரமும் போடலாம்" என்று விற்பவர் சொன்னால் அவர் புண்ணைப் பார்ப்பதில்லை, நான் பார்க்கிறேன். கிளிப் இடத்தை விரலளவாவது அவ்வப்போது மாற்றுங்கள். தையற்காரரிடம் கொடுத்தாலே மாற்றித் தைத்துத் தருவார். மாட்டியதும் வலித்தால் அது இறுக்கம், பழகிவிடும் என்று விடாதீர்கள். கவ்வ முடி போதாத அளவு மெலிந்துவிட்டால் கிளிப்பை விட்டுவிட்டு, தலை முழுக்க மூடும் டோப்பாவுக்கு மாறுவதே நல்லது. எண்ணெய் வைத்த தலையில் மாட்டவே வேண்டாம். நைலான் முடியென்றால் அடுப்புக்கும் குத்துவிளக்குக்கும் கிட்டப் போகாதீர்கள், சுருண்டு உருகிவிடும்.

வகிடு அகலாமல் முன்நெற்றி வரிசையே பின்னால் போய், புருவமும் கொட்டினால் அது வேறு நோய், தழும்பாக்கும் வகை. அதை டாப்பரால் மூடி நாள் கடத்தாதீர்கள், சீக்கிரம் வாருங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிக் கழற்றிவிடுங்கள், கிளிப் உலோகம்.

எங்களிடம் வரும்போது டாப்பரை வீட்டில் ஒளித்துவிட்டு வர வேண்டாம். பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். கிளிப் எங்கே தைத்திருக்கிறது, பல் எவ்வளவு கூர்மை என்று பார்த்தால்தான் எதை மாற்றுவது என்று என்னால் சொல்ல முடியும்.